கறுப்புக் கோனும் மச்சாளின் கையும்

"அக்கா, உங்களிட்டக் கறுப்பு இருக்கோ?"

ஆவணி பிறந்தால், மருதோன்றி போடுகிற எனக்கு இந்தக் கேள்வி வராத நாளில்லை. கறுப்பு என்று கேட்பது கறுப்பு மருதோன்றிக் கோனை. நல்லூர்த் திருவிழா, கல்யாணங்கள், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சொந்தங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடும் காலம். நான் இல்லை என்று சொன்னதும் மறுமுனையில் அடுத்த வசனம் வரும். அதுவும் எனக்குப் பாடம். "போன வருசமும் போட்டனாங்கள் அக்கா, ஒண்டும் செய்யேல்லை."

அந்த "ஒண்டும் செய்யேல்லை"யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு காலத்தில் நானே அதை என் மச்சாளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அவளுடைய கையைப் பிடித்துப் பூப்போட்டும் இருக்கிறேன்.

2012இல் கோன் பிடிக்கப் பழகினேன். அலங்கார வகுப்பு நடத்திய ஓர் அக்காதான் குரு. இலையை அரைத்து உள்ளங்கையில் வட்டமும் விரல்நுனிக்குத் தொப்பியும் வைத்த அம்மம்மா காலம் போய், முழங்கை வரை கொடியும் மயிலும் போடுகிற காலம் வந்திருந்தது. கடைக் கோனை வாங்கி வெட்டி, அதற்குள் தலைக்குப் பூசும் கறுப்பு டைத்தூளைக் கலந்து மறுபடி சுற்றினால் ஒரு மணித்தியாலத்தில் கரிக்கறுப்பாகப் பிடிக்கும் என்பது அந்த வகுப்பிலே கிடைத்த "தொழில் ரகசியம்". ஒரு கிண்ணம் மருதோன்றிக்கு இரண்டு பக்கற் தூள். அளவெல்லாம் கண்மட்டம்தான். அந்தத் தூள் பக்கற்றின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், பாரா-ஃபெனிலின்டையமின் என்று இருந்தது. நான் அதை வாசித்ததே இல்லை. பக்கற்றில் படம் போட்டிருந்த பெண்ணின் கூந்தலைத்தான் பார்த்தேன்.

வாடிக்கையாளர் என்ன கேட்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். இயற்கை மருதோன்றி முதலில் செம்மஞ்சளாகத்தான் வரும். கபிலமாகக் கறுக்க இரண்டு நாள் எடுக்கும். ஆனால் எங்கள் வீடுகளில் மருதோன்றி போடும் நேரமோ கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு. பலகாரம் சுட்டு, பந்தல் பார்த்து, தைத்த சட்டையை வாங்கி வந்து, கடைசியாக மணி பத்துக்கு, "இனி வா பிள்ளை, கையைப் போடு" என்பார்கள். விடிந்தால் படம் எடுக்கிறவர் வந்துவிடுவார். இந்த அவசரத்துக்கு இலையால் ஈடுகொடுக்க ஏலாது. டை ஈடுகொடுத்தது. கறுப்புக் கோன் எங்கள் ஊரில் பரவியதற்கு அழகைவிட இந்த நேரக்கணக்குத்தான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சரி, மச்சாளின் கதை.

2013 ஆனியில் அவளுடைய தமையனுக்குக் கல்யாணம். இரண்டு புறங்கைக்கும் நான் கறுப்பில் கொடி போட்டேன். ஒரு கரைச்சலும் இல்லை. இல்லை என்றுதான் அப்போது நினைத்தோம். பிறகு டொக்டர் துருவிக் கேட்டபோதுதான் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போட்டுப் பத்தாம் நாளளவில், கோலம் பாதி அழிந்திருந்த நேரம், வலது கை மணிக்கட்டில் அந்தக் கோட்டின் வழியே மெல்லிய கடியும் இரண்டு மூன்று சின்னப் பருக்களும் வந்து போயிருக்கின்றன. நுளம்பு என்று விட்டுவிட்டாள். யார்தான் பத்து நாளைக்கு முன்னர் போட்ட மருதோன்றியை நினைப்பார்கள்?

அந்த வருடத் தேர்த்திருவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம் மறுபடி போட்டேன். அதே கிண்ணம், அதே தூள். இரவு படுக்கும்வரை ஒன்றுமில்லை. அடுத்த நாள் காலை தேருக்குப் போனோம். வெயிலும் சனநெருக்கமும். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது, "மச்சாள், கை கடிக்குது" என்றாள். வியர்வை என்றேன். இரவு கோடு முழுக்கச் சிவந்து வீங்கியது. அதற்கடுத்த நாள் காலை அவளுடைய கையைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் போட்ட கொடி அப்படியே எழும்பி நின்றது. ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு கொப்புளம். கோடு போன இடத்தில் நீர் கோத்து முத்துச்சரம் மாதிரி. கோடு இல்லாத இடத்தில் தோல் வெள்ளையாய், ஒன்றும் அறியாததுபோல் இருந்தது. என் கைவேலையை யாரோ மேடுதட்டி அச்சடித்த மாதிரி. மற்றக் கையும் அப்படியே.

முதலில் நாங்கள் செய்ததெல்லாம் பிழை. மாமி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினா. நான் கறுப்பு போனால் எரிவும் போய்விடும் என்று நினைத்துத் தேசிக்காயாலும் சவர்க்காரத்தாலும் உரஞ்சினேன். சாயம் அந்நேரம் தோலோடு சேர்ந்துவிட்டிருந்தது. உரஞ்ச உரஞ்சக் கொப்புளங்கள் உடைந்ததுதான் மிச்சம். உடைந்த இடத்தால் நீர் கசிந்து, மூன்றாம் நாள் மஞ்சள் பொருக்குக் கட்டியது. கிருமி தொற்றியதற்கு அது அடையாளம்.

தோல் டொக்டர் கையைப் பார்த்த உடனேயே, "இதுக்கு முதல் எப்ப போட்டனீங்கள்?" என்று கேட்டார். என்ன போட்டீர்கள் என்று கேட்கவில்லை. அது கோலத்தின் வடிவிலேயே எழுதிக் கிடந்தது. கொண்டிஸ் கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கையை நனைக்கச் சொன்னார். வீரியமான ஸ்டீரோய்ட் களிம்பு, சில நாளைக்கு ஸ்டீரோய்ட் குளிசை, தொற்றுக்கு அன்ரிபயோடிக். கொப்புளத்தைக் குத்தவோ உரஞ்சவோ கூடாது என்றார். கடிக்குக் கொடுத்த ஒவ்வாமைக் குளிசை நித்திரையைத் தந்ததே தவிரக் கடியைப் பெரிதாக அடக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. இறால் தின்று உடம்பு தடிக்கிற ஒவ்வாமை வேறு, இது வேறு. அங்கே ஹிஸ்ரமின் என்ற பொருள் நிமிடக்கணக்கில் வேலை காட்டும். அதைத் தடுக்கிற குளிசை கேட்கும். இங்கே வேலை செய்வது ரி-செல் என்ற வெள்ளை அணுக்கள். அவை ஆறுதலாகத்தான் வந்து சேரும், வந்தால் இலேசில் போகா.

இந்த "ஆறுதலாக" என்ற சொல்லிலேதான் முழு விசயமும் இருக்கிறது.

அந்த டொக்டர் பொறுமையானவர். நான்தான் போட்டது என்று அழுதுகொண்டே சொன்னபோது ஏசவில்லை. ஒரு கடுதாசியை எடுத்துப் படம் கீறி விளங்கப்படுத்தினார். பாரா-ஃபெனிலின்டையமினைச் சுருக்கமாக பிபிடி என்பார்கள். அது மிகச் சின்ன மூலக்கூறு. அதனால் தோலின் மேற்படையைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய்விடும். தனியாக இருக்கும்போது உடம்பின் காவலுக்கு அது கண்ணில் படாத அளவு சிறியது. ஆனால் காற்றுப்பட்டு ஒட்சியேறும்போது குணம் மாறி, எங்கள் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் அந்தப் புரதம் உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிறது. தோலில் இருக்கும் காவல் அணுக்கள் அதைத் தூக்கிக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், "இதைப் பார்த்து வை" என்று ரி-செல்களுக்குக் காட்டுகின்றன. அங்கே அதற்கென்றே ஒரு படை உருவாகிறது. உருவாக ஒரு கிழமையிலிருந்து இரண்டு கிழமை பிடிக்கும். அதற்குள் கையிலிருந்த சாயம் பெரும்பாலும் தேய்ந்து போயிருக்கும். சண்டை பிடிக்க எதிரி இல்லை. படை மட்டும் தயாராக நிற்கிறது. சிலருக்கு மிச்சமிருக்கிற சாயத்தில் அந்தப் படை ஒரு தரம் கைவைத்துப் பார்க்கும். மச்சாளின் பத்தாம் நாள் "நுளம்புக்கடி" அதுதான்.

அடுத்த முறை பிபிடி தோலில் பட்டதும் படை ஏற்கனவே நிற்பதால் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வந்து இறங்கிவிடும். தேருக்கு முதல் நாள் பின்னேரம் போட்டது, அடுத்த நாள் மத்தியானம் கடிக்கத் தொடங்கியது.

ஆகவே "போன வருசம் ஒண்டும் செய்யேல்லை" என்பது போன வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சிலருக்கு உண்மையிலேயே ஒன்றும் நடந்திருக்காது. பத்து முறை போட்டும் தப்பியவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலருக்கு நடக்க வேண்டியது உள்ளே சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கும். இரண்டு பேருடைய கையும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

இங்கேதான் பலர் சொல்லும் இன்னொரு யோசனையும் உடைகிறது. "முதல் காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வைச்சுப் பாத்திட்டுப் போடலாம்தானே?" ஏற்கனவே ஒவ்வாமை வந்தவருக்கு அந்தப் பொட்டு காட்டிக்கொடுக்கும், அதுவும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்தால். முன்பின் போடாதவருக்கு அது ஒன்றையும் காட்டாது. ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு "சரி, சுகம்" என்று போடுகிறோம். உடம்பு பதில் சொல்ல இரண்டு கிழமை எடுக்கிற கேள்விக்கு ஒரு மணித்தியாலத்தில் பதில் எடுத்ததாக நினைக்கிறோம். அதைவிட, வைத்த பொட்டே படை திரட்டத் தொடங்குவதற்கும் போதுமாகிவிடலாம்.

அப்படியென்றால் உலகம் முழுக்கத் தலைக்கு டை பூசுகிறார்களே என்று நானும் டொக்டரிடம் கேட்டேன். தலைக்குப் பூசும்போதும் சிலருக்கு வருகிறது என்றார். ஆனால் அங்கே அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஐரோப்பாவில் தலையில் பூசும் கலவையில் பிபிடி 2 வீதத்தைத் தாண்டக்கூடாது. மயிரில்தான் பூசவேண்டும், கூடவே அதை விரைவாக ஒட்சியேற்றும் திரவமும் சேரும், அரை மணித்தியாலமளவில் கழுவிவிடுவார்கள். தோலில் நேரடியாகப் பூச அங்கேயும் அமெரிக்காவிலும் அனுமதியே இல்லை. கறுப்புக் கோனில் எல்லாம் தலைகீழ். அளவு கண்மட்டம், சோதித்துப் பார்த்த கறுப்பு மருதோன்றிகளில் 10 வீதத்தைத் தாண்டியவையும் இருந்திருக்கின்றன. தோலில் நேரே வைத்து, காயவிட்டு, மணிக்கணக்கில் வைத்திருக்கிறோம். ஒட்சியேற்றும் திரவம் கூடக் கலப்பதில்லை, காற்றை நம்பி விடுகிறோம். இதைவிட நன்றாகத் தோலுக்குள் பிபிடியை ஏற்றுவதற்கு ஒரு வழியை யோசித்துக் கண்டுபிடிப்பதே கஷ்டம். அமெரிக்கத் தொடுகை ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக பிபிடியைத் தெரிவு செய்தது. அழகுராணிப் போட்டி மாதிரி ஒரு பட்டம்.

மச்சாளின் கை ஆற மூன்று கிழமை எடுத்தது. பொருக்கு விழுந்த இடத்தில் தோல் வெளிறிப்போய், கொடியும் பூவும் வெள்ளையில் வரைந்த மாதிரி நின்றன. தை பிறந்து பொங்கல் படங்களிலும் அது தெரிகிறது. பெரும்பாலும் இந்த வெளிறல் மாதக்கணக்கில் மங்கிவிடும். அவளுக்கும் மங்கியது. வலது மணிக்கட்டில், நான் மிக உரஞ்சிய இடத்தில் மட்டும் ஒரு சின்னத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதை அவள் எனக்குக் காட்டுவதில்லை. நான்தான் பார்க்கிறேன்.

எல்லாம் ஆறிய பிறகு ஒருமுறை கொழும்புக்குப் போய்ப் பரிசோதனையும் செய்தோம். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் தங்கினோம். முதுகில் சின்னச் சின்னத் தட்டுகளில் ஒவ்வொரு பொருளாக வைத்து ஒட்டிவிடுவார்கள். பிபிடியை 1 வீதம் வாசலீனில் கலந்து வைப்பார்களாம். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. கொழும்பு வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே குப்புறக் கிடந்து மச்சாள் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் கழற்றிப் பார்த்து, நாலாம் நாள் மறுபடி பார்ப்பார்கள். பிபிடி இருந்த இடம் சிவந்து, தடித்து, நுண்கொப்புளம் போட்டிருந்தது. பக்கத்தில் சுத்தமான மருதோன்றி வைத்த இடத்தில் செம்மஞ்சள் கறை மட்டும், வேறொன்றும் இல்லை.

அன்று கிடைத்தது வாழ்நாள் தீர்ப்பு. அந்தப் படையின் ஞாபகம் பொதுவாக அழிவதில்லை. அப்போது அவளுக்கு 26 வயது. இப்போது முன்நெற்றியில் நரை ஓடியிருக்கிறது. டை பூச ஏலாது. பூசினால் தலையோடு நிற்காது, முகமும் கண் இமையும் வீங்கும். "பிபிடி இல்லை" என்று எழுதிய டையும் அவளுக்கு நம்பிக்கையானதல்ல. அதற்குப் பதிலாகப் பெரும்பாலும் போடுவது அதனுடைய ஒன்றுவிட்ட சகோதரமான ரொலுயீன்டையமினை. பிபிடிக்குப் பழகிய படை அதையும் அடையாளம் கண்டுவிடக்கூடும். பல்லுக்குப் போனால் பென்சோகெயின் கலந்த மரப்பு ஜெல் வேண்டாம் என்று முதலே சொல்கிறாள். கடும் கறுப்பு, கடும் நீலச் செயற்கை நூல் துணிகள் சில, வியர்த்தால் அக்குளில் கடிக்கின்றன. சில துணிச்சாயங்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு பின்னேரத்துக் கோலத்துக்கு இவ்வளவு நீளமான வட்டி.

நான் டைத்தூளை விட்ட பிறகு மூன்று நாலு மாதம் கோனே தொடவில்லை. அப்புறம் அம்மம்மா வீட்டுக் கிணற்றடி மருதோன்றியில்தான் மறுபடி தொடங்கினேன்.

இலையில் இருக்கும் சாயத்தின் பெயர் லோசோன். காய்ந்த இலையின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் அது. இலைக்குள் வேறொன்றோடு பிணைந்து கிடக்கிறது; இலை நொருங்கி ஈரமும் கொஞ்சம் புளியும் பட்டால்தான் பிணைப்பு அறுந்து வெளியே வரும். வெளியே வந்தது தோலின் மேலே கிடக்கும் இறந்த படையில் உள்ள கெரட்டினோடு பிணைகிறது. உயிருள்ள தோலைக் கூப்பிட்டுச் சண்டைக்கு இழுப்பது மிக அபூர்வம். உள்ளங்கையில் அந்த இறந்த படை தடிப்பு, அதனால் அங்கே கடும் கபிலம். புறங்கையில் மெல்லிசு, அதனால் வெளிறல். கறுப்பாகப் பிடிக்க இலையால் ஏலவே ஏலாது. கரிக்கறுப்பாக, அதுவும் உள்ளங்கையிலும் புறங்கையிலும் ஒரே மாதிரிப் பிடித்தால் அது இலை செய்த வேலை அல்ல.

நான் செய்கிற முறை இது. இலையை நிழலில் காயவிட்டு, அரைத்து, பழைய நைலோன் காலுறையால் இரண்டு தரம் அரிப்பேன். அரித்த தூள் பச்சையாக, வைக்கோல் மணத்தோடு இருக்கவேண்டும். கபிலமாகிவிட்டால் பழசு. 50 கிராம் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி சீனி. சீனி ஈரத்தைப் பிடித்துவைக்கும், காய்ந்த கோலம் உதிராமல் ஒட்டிக்கொள்ளும். தேசிப்புளியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, 120 மில்லிலீற்றர் அளவில், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைப்பேன். இடியப்ப மாவைவிட இளகல், தயிரைவிட இறுக்கம். மேலே பொலித்தீனை ஒட்டி மூடி, யாழ்ப்பாணத்து வெக்கையில் ஆறேழு மணித்தியாலம் வைத்தால் போதும். மாரிகாலத்தில் இரவு முழுக்க. சாயம் விட்டதா என்று பார்க்க உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் வழித்தால் செம்மஞ்சள் தெரியவேண்டும். அதற்குப் பிறகுதான் தைலம், மூன்று தேக்கரண்டி. நான் லவெண்டர் எண்ணெய் விடுகிறேன். யூக்கலிப்டஸ் தைலமும் சாயத்தைக் கடுமையாக்கும், ஆனால் சிலருக்கு எரியும், கர்ப்பிணிகளுக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் நான் அதைத் தொடுவதில்லை. தைலம் விட்ட பிறகு இன்னும் சில மணித்தியாலம் ஊறினால் கோனில் அடைக்கலாம்.

அடைத்த கோன் வெளியில் கிடந்தால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். சாயம் பிடிக்காது, புளித்து மணக்கும். உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். இந்த ஒரு விசயத்தை வைத்தே கடைக் கோனைப் பற்றி நிறையச் சொல்லிவிடலாம். கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு ஃபான்சி கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், வெயில் படுகிற தட்டில், ஆறு மாதமாகக் கிடந்தும் கடுமையாகப் பிடிக்கிற கோனில் இருப்பது இலையும் புளியும் சீனியும் மட்டும் அல்ல. "100% இயற்கை" என்று தங்க எழுத்தில் போட்டிருந்தாலும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிகிற வேறு அடையாளங்களும் உண்டு. பிதுக்கும்போதே களி கருகறுப்பாக வந்தால் வேண்டாம். நல்ல களி பாசிப்பச்சை அல்லது கபிலம். மண்ணெண்ணெய், பெற்றோல், டை மணம் வந்தால் வேண்டாம். "அரை மணித்தியாலத்தில் கழுவலாம்" என்று சொன்னால் வேண்டாம். ஆனால் இதையும் சொல்லவேண்டும். இந்த அடையாளங்கள் கள்ளனைக் காட்டிக்கொடுக்குமே தவிர நல்லவனுக்குச் சான்றிதழ் தரமாட்டா. வாசனை போட்டு மணத்தை மறைக்கலாம். பிபிடியைக் குறைத்துப் போட்டால் கறுப்புக்குப் பதிலாக அழகான கடும் கபிலம் வரும். சிவப்புக் கோன்களில் வேறு சாயங்கள். ஆய்வுகூடம் இல்லாமல் நிச்சயமாகச் சொல்ல ஏலாது. அதனால் நான் கோனைப் பார்க்கச் சொல்வதைவிடப் போடுகிற ஆளிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். "இதுக்குள்ள என்னென்ன போட்டனீங்கள்?" "எங்க வைச்சிருந்தனீங்கள்?" இரண்டாவதுக்கு "பிறிட்ஜில" என்று உடனே வராவிட்டால் எழும்பி வந்துவிடலாம்.

இயற்கை என்றால் எல்லாருக்கும் எப்போதும் சுகம் என்றும் நான் சொல்லமாட்டேன். ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்குச் சுத்தமான மருதோன்றியே சிவப்பணுக்களை உடைத்துவிடும். கைக்குழந்தைகள் உயிராபத்துக்குப் போன சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் இருக்கின்றன. குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியாது. சாமத்தியவீட்டில் அழகுக்கு என்று மடியில் கிடக்கும் பிள்ளையின் உள்ளங்காலையும் நீட்டுவார்கள். நான் போடுவதில்லை. "ஒரு பொட்டுத்தானே தங்கச்சி" என்று எத்தனை மாமிமார் கோபித்தாலும்.

களி காயத் தொடங்கும்போது தேசிப்புளியும் சீனியும் பஞ்சால் ஒற்றுவேன். ஆறு மணித்தியாலமாவது கையில் இருக்கவேண்டும், இரவு முழுக்க என்றால் இன்னும் நல்லது. தண்ணீர் விட்டுக் கழுவாமல் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் தடவவேண்டும். எடுத்தவுடன் பூசணிக்காய் நிறம். இந்த இடத்தில்தான் அநேகம் பேரின் முகம் வாடும். மச்சாளின் மகளும் அப்படித்தான். போன வருடம் அவளுடைய சாமத்தியவீட்டுக்கு நான்தான் போட்டேன். காலையில் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மாமி, இதென்ன உது செம்மஞ்சளாக் கிடக்கு, பள்ளிக்கூடத்தில சிரிக்கப் போறாளவை" என்று அழுகிற மாதிரி நின்றாள். காற்றுப்பட்டு ஒட்சியேற 48 மணித்தியாலம் வேண்டும், அதனால்தான் இரண்டு நாள் முன்னதாகப் போட்டேன் என்று நான் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க, மச்சாள் குசினிக்குள்ளிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தன்னுடைய வலது கையை மட்டும் வெளியே நீட்டி மகளுக்குக் காட்டினாள். மகள் அந்தக் கதையை ஏற்கனவே கேட்டிருக்கிறாள். பேசாமல் போய்விட்டாள். விழாவன்று அவளுடைய உள்ளங்கை ஊறிய பாக்கின் நிறத்தில் இருந்தது.

மச்சாளும் அன்று எங்களோடு இருந்து ஒரு விரலுக்குப் போட்டுக்கொண்டாள். கொழும்பில் முதுகில் வைத்துப் பார்த்ததே, சுத்தமான இலை அவளுக்குச் சரிவரும். ஆனால் நான் அரைத்ததைத் தவிர வேறு யாருடைய கோனையும் தொடமாட்டாள். இதை அவள் சொல்லும்போது எனக்குச் சந்தோசமும் வரும், வேறொன்றும் வரும்.

நேற்றும் ஓர் அழைப்பு. ரொறன்ரோவிலிருந்து வரும் மணப்பெண்ணின் தமக்கை.

"அக்கா, வெள்ளிக்கிழமை கல்யாணம். பொம்பிளை வியாழன் பின்னேரம்தான் யாழ்ப்பாணம் வந்து சேருவா. கறுப்பு போடுவீங்களோ?"

"இல்லை. புதன் வந்தால் வடிவாப் பிடிக்கும்."

"பிளேன் டிக்கெட் மாத்தேலாதே அக்கா."

கொஞ்ச நேரம் யோசித்தேன். ஒரு இரவில் புறங்கை ஏறாது, செம்மஞ்சளாகத்தான் நிற்கும். உள்ளங்கை தடிப்பு, வியாழன் ஏழு மணிக்கு முதல் போட்டு விடியும்வரை வைத்திருந்தால், முகூர்த்தம் பதினொன்றுக்கென்றால், கபிலத்தின் முதல் படிக்காவது வந்துவிடும்.

"உள்ளங்கைக்கு மட்டும் போடுவம்," என்றேன். "வந்தவுடன நேர என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்கோ. குளிச்சிட்டு வரச் சொல்லுங்கோ, பிறகு விடியுமட்டும் கையில தண்ணி படக்கூடாது. இரவுச் சாப்பாட்டை நீங்கள்தான் தீத்த வேணும்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். பிறகு, "புறங்கை?"

"காப்பைக் கூடப் போடச் சொல்லுங்கோ."